எழுபத்திரண்டு எங்கிருந்து வந்தது?

போஸ்ட் ஆபீஸில் கிசான் விகாஸ் பத்திரம் போட்டிருப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான எண் பழக்கமாகியிருக்கும். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 7.5 சதவீதம் ஆனபோது, போட்ட பணம் 115 மாதத்தில் இரட்டிப்பாகும் என்று அறிவித்தார்கள். அதென்ன 115? பத்து வருஷம் என்று முழுசாகச் சொல்லக்கூடாதா?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6. அது வருஷம். மாதமாக்கினால் 115.2. கால்குலேட்டரில் பத்து தசமம் வரை போட்டாலும் 115.01 மாதம்தான் வருகிறது. மனசுக்குள்ளேயே போட்ட வகுத்தல் கணக்கு, ஆறு நாள் வித்தியாசத்தில் சரியாக விழுந்துவிட்டது.

இதுதான் 72 விதி. வட்டி விகிதத்தால் 72-ஐ வகுத்தால், பணம் எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று கிடைக்கும். முதலீடு பற்றிப் பேசுகிற எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். பாதிப் பேர் கூடவே ஐன்ஸ்டீன் பெயரையும் சேர்த்துவிடுகிறார்கள். ஐன்ஸ்டீன் பிறந்தது 1879-ல். இந்த விதி அதற்கு 385 வருஷம் முன்பே அச்சில் வந்துவிட்டது. ஆனால் அந்த எண் ஏன் 72, அது எந்த இடத்தில் காலை வாரிவிடும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைத் தேடிப் போனபோது கிடைத்தவற்றைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

வெனிஸ், 1494

அந்த ஆண்டு வெனிஸ் நகரத்தில் ஒரு பெரிய கணிதப் புத்தகம் அச்சானது. எழுதியவர் லூகா பாச்சோலி. நீளமான அதன் தலைப்பு 'சும்மா' என்ற சொல்லில்தான் தொடங்கும். நம்ம ஊர் 'சும்மா' இல்லை. லத்தீனில் 'மொத்தத் தொகுப்பு' என்று அர்த்தம். அறுநூறு பக்கத்துக்கு மேல். எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், வியாபாரக் கணக்கு எல்லாம் அதில் இருக்கிறது. கணக்குப்பிள்ளைகள் இன்றும் அந்தப் புத்தகத்தை நினைவு வைத்திருப்பதற்குக் காரணம், பற்று வரவு இரண்டையும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கியது அதுதான் என்பது.

வட்டிக் கணக்குகள் வரும் பகுதியில் பாச்சோலி போகிற போக்கில் ஒன்றைச் சொல்கிறார். நூற்றுக்கு இவ்வளவு என்று வருஷ வட்டிக்கு விட்ட பணம் எத்தனை வருஷத்தில் வட்டியும் முதலுமாக இரட்டிப்பாகும் என்று தெரியவேண்டுமா, 72 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள், அதை வட்டியால் வகு, வருவதுதான் விடை. உதாரணமும் தருகிறார்: வட்டி 6 என்றால் 72-ஐ 6-ஆல் வகுக்க 12. பன்னிரண்டு வருஷத்தில் இரட்டிப்பு.

அவ்வளவுதான். ஏன் 72 என்பதற்கு விளக்கம் கிடையாது. தான் கண்டுபிடித்ததாகவும் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. படிக்கும்போது, வியாபாரிகளிடம் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்த ஒரு வாய்ப்பாட்டை எடுத்து எழுதியதுபோலத்தான் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாச்சோலி பிரான்சிஸ்கன் சபைத் துறவி. வட்டி வாங்குவது பாவம் என்பது அன்றைய திருச்சபையின் நிலை. இருந்தும் வட்டிக்கு வட்டி எவ்வளவு வேகமாக வளரும் என்ற விதி, ஒரு சாமியார் எழுதிய புத்தகம் வழியாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. வியாபாரம் நடந்துகொண்டுதான் இருந்தது. கணக்கு சொல்லித்தர ஒருவர் வேண்டியிருந்தது.

மடக்கை இல்லாத காலத்தில்

இன்றைக்கு நாம் இந்த விதியை நிரூபிக்க லாகரிதம், அதாவது மடக்கையைப் பயன்படுத்துகிறோம். ஆனால் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்டது 1614-ல். பாச்சோலியின் புத்தகத்துக்கு 120 வருஷம் கழித்து. அப்படியானால் 72 எப்படிக் கிடைத்தது?

ஒரு தடயம் இருக்கிறது. பிளாரன்ஸ் நகரத்தின் பார்தி கம்பெனியில் வேலை பார்த்த பெகொலொத்தி என்பவர் 1340 வாக்கில் வணிகர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். எந்த ஊரில் என்ன எடை, என்ன நாணயம், என்ன சுங்கம் என்ற தகவல்களுக்கு நடுவே கூட்டு வட்டி அட்டவணைகளும் அதில் இருக்கின்றன. நூறு லிராவை 1 சதவீதத்தில் இருந்து 8 சதவீதம் வரை வெவ்வேறு வட்டிக்கு விட்டால், ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் எவ்வளவு ஆகும் என்று இருபது வருஷம் வரை போட்டிருக்கிறார்.

இப்படி ஓர் அட்டவணையை நாமே போட்டுப் பார்க்கலாம். 6 சதவீதத்தில் நூறு ரூபாய் முதல் வருஷம் 106, அடுத்த வருஷம் 112.36, அதற்கடுத்து 119.10 என்று ஏறிக்கொண்டே போய், பதினோராவது வருஷம் 189.83-ல் நிற்கிறது. பன்னிரண்டாவது வருஷம் 201.22. அதாவது பன்னிரண்டில் இருநூறைத் தாண்டுகிறது.

இதையே மற்ற வட்டிகளுக்கும் செய்யுங்கள். 4 சதவீதத்தில் பதினெட்டாவது வருஷம் 202.58 ஆகிறது. 8 சதவீதத்தில் ஒன்பதாவது வருஷம் 199.90. பத்து பைசாதான் குறைச்சல். இப்போது இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நாலு பதினெட்டு, ஆறு பன்னிரண்டு, எட்டு ஒன்பது. மூன்றுமே எழுபத்திரண்டு!

பாச்சோலியோ, அவருக்கு முன்னால் யாரோ ஒரு கணக்குப்பிள்ளையோ இப்படித்தான் இதைப் பிடித்திருக்கவேண்டும் என்பது என் ஊகம். அட்டவணையில் இருநூறைத் தாண்டும் கட்டங்களை விரல் வைத்துப் பார்க்கிறவருக்கு, பெருக்கினால் ஒரே எண் வருவது கண்ணில் படாமல் போகாது. அதற்கு மடக்கை தேவையில்லை, பொறுமை போதும்.

அப்படியானால் 69.3 எங்கே?

கணிதம் படித்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். உண்மையான எண் 72 இல்லையே, 69.3 தானே என்பார்கள். 2-இன் இயல்பு மடக்கை 0.693. அதனால் 69.3-ஐத்தான் வகுக்கவேண்டும், 72 என்பது வகுக்க வசதியாக இருக்கிறதென்று யாரோ திருத்திக்கொண்டது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். இதில் பாதிதான் சரி.

69.3 என்பது வட்டி ஒவ்வொரு நொடியும் முதலோடு சேர்ந்துகொண்டே இருந்தால் வரும் எண். நிஜத்தில் யாரும் அப்படித் தருவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை சேர்ப்பது என்றால், வருஷக் கடைசியில்தான் வட்டி முதலில் சேரும். ஜனவரியில் சம்பாதித்த வட்டி டிசம்பர் வரை சும்மா உட்கார்ந்திருக்கிறது, அது குட்டி போடுவதில்லை. இந்தக் காத்திருப்பினால் இரட்டிப்பாவது கொஞ்சம் தாமதமாகிறது. அதனால் வகுக்கவேண்டிய எண்ணும் 69.3-ஐவிடக் கொஞ்சம் பெரிதாகவேண்டும்.

எவ்வளவு பெரிதாக? வட்டி எவ்வளவு அதிகமோ, காத்திருப்பதால் வரும் நஷ்டமும் அவ்வளவு அதிகம். ஒரு சதவீத வட்டிக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டவேண்டும். 3 சதவீதம் என்றால் 69.3-உடன் 1 கூட்டி 70.3. 6 சதவீதம் என்றால் 2 கூட்டி 71.3. 8 சதவீதம் வரும்போது கிட்டத்தட்ட சரியாக 72-ல் வந்து நிற்கிறது. ஆக 72 தோராயமாகத் தட்டிக்கொட்டிய எண் இல்லை. 8 சதவீதத்தை ஒட்டிய வட்டிக்கு, வருஷத்துக்கு ஒருமுறை வட்டி சேர்த்தால், அதுதான் சரியான எண். மற்ற இடங்களில் கொஞ்சம் விலகும்.

வசதி என்ற வாதமும் உண்மைதான். 72-ஐ 2, 3, 4, 6, 8, 9, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுக்கலாம். கடைத்தெருவில் நின்றுகொண்டு கணக்கு போடுகிறவனுக்கு அது பெரிய விஷயம். 71.3-ஐ யார் மனசில் வகுப்பார்கள்?

இந்த மூன்றில் ஒரு பங்குத் திருத்தத்தை நினைவில் வைத்துக்கொண்டால், விதி எந்த இடத்தில் தடுக்கும் என்பதும் தெரிந்துவிடும். 8-ல் இருந்து மூன்று சதவீதம் மேலே போனால் 72-ஐ 73 ஆக்குங்கள், கீழே வந்தால் 71 ஆக்குங்கள். 20 சதவீதம் என்றால் பன்னிரண்டு மேலே, அதனால் நாலு கூட்டி 76. இப்படித் திருத்தாமல் 72-ஐயே வைத்துக்கொண்டால் 20 சதவீதத்துக்கு 3.6 வருஷம் என்று வரும். உண்மை விடை 3.80 வருஷம். இரண்டு மாதத்துக்கு மேல் தப்பு.

களிமண்ணில் ஒரு கணக்கு

20 சதவீதத்தை நான் சும்மா எடுக்கவில்லை. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஏ.ஓ. 6770 என்ற எண்ணில் ஒரு களிமண் பலகை இருக்கிறது. பழைய பாபிலோனியக் காலத்தைச் சேர்ந்தது; மூவாயிரத்து அறுநூறு வருஷத்துக்குக் குறையாது. அதில் ஒரு கணக்கு: 20 சதவீத வட்டிக்குக் கொடுத்தது எப்போது வட்டியும் முதலும் சமமாகும்? அதாவது எப்போது இரட்டிப்பாகும்? வெள்ளிக் கடனுக்கு அங்கே வழக்கமான வட்டியே 20 சதவீதம்தான்.

அந்தக் கணக்காசிரியர் தந்த விடை, நாலு வருஷத்துக்கு இரண்டரை மாதமும் சொச்சமும் குறைவு. நம் எண்ணில் சொன்னால் 3.787 வருஷம். 72 விதி தரும் 3.6-ஐவிட இது உண்மைக்கு ரொம்பப் பக்கம்.

எப்படிப் போட்டிருப்பார்கள் என்று பார்ப்போம். மூன்று வருஷத்தில் ஒன்று 1.728 ஆகிறது. நாலாவது வருஷக் கடைசியில் 2.0736. இரண்டு என்ற புள்ளி இந்த நாலாவது வருஷத்துக்குள் எங்கோ இருக்கிறது. அந்த ஒரு வருஷத்தில் கூடுவது 0.3456. இரண்டைத் தொட நமக்கு வேண்டியது 0.272. அதை இதால் வகுத்தால் 0.787. மூன்றோடு சேர்த்தால் 3.787.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு போட்டு இடையில் உள்ளதைக் கண்டுபிடிக்கும் இந்த முறையை இன்றைய புத்தகங்கள் தோராயம் என்கின்றன. மடக்கை தரும் விடையோடு ஒப்பிட்டால் ஐந்து நாள்தான் வித்தியாசம். ஆனால் எனக்கு இது தோராயம் என்றே தோன்றவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் வட்டியை முதலில் சேர்த்து, உடைந்த வருஷத்துக்கு மாதக் கணக்கில் தனிவட்டி போடுவதுதான் வழக்கம் என்றால், இந்த விடை அச்சாகச் சரி. மடக்கை தரும் விடைதான் அங்கே ஐந்து நாள் பிசகு. கடன் எழுதுகிறவர்கள் வருஷத்தின் நடுவில் கணக்கு முடிக்கும்போது இன்றும் அப்படித்தானே செய்கிறார்கள்?

ஒரே வட்டி, மூன்று வேகம்

வெனிஸ், பாபிலோன் இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: எப்போது இரட்டிப்பாகும்? இன்று இதை முதலீடு செய்கிறவர் கேட்கிற கேள்வியாக நினைக்கிறோம். ஆனால் கடன் வாங்கியவர்தான் இதை முதலில் கேட்கவேண்டும். அவருக்கு 72 விதியை அப்படியே தூக்கிக் கொடுத்தால் தப்பான விடை கிடைக்கும்.

நம் ஊரில் 'மூணு வட்டி' என்று சொல்வார்கள். நூத்துக்கு மாசம் மூணு ரூபாய். ஒருவர் மூணு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கி, எதுவுமே கட்டமுடியாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் எப்போது இரண்டு லட்சமாகும்? வட்டி எப்போது முதலில் சேர்கிறது என்பதைப் பொறுத்து இதற்கு மூன்று விடைகள் உண்டு.

முதலாவது, தனிவட்டி. வட்டிக்கு வட்டி கிடையாது. அப்போது 72-க்கு அங்கே வேலையே இல்லை. வகுக்கவேண்டிய எண் 100. நூறை மூன்றால் வகுத்தால் 33 மாதமும் பத்து நாளும்.

இரண்டாவது, வருஷம் முடிந்ததும் பழைய புரோநோட்டைக் கிழித்துவிட்டு, நிலுவை வட்டியையும் சேர்த்துப் புது நோட்டு எழுதுவது. இது வருஷக் கூட்டு வட்டி, விகிதம் 36. இங்கே 72-ஐ வகுத்தால் சரியாக இரண்டு வருஷம் என்று வரும். போட்டுப் பாருங்கள்: முதல் வருஷம் 1,36,000, இரண்டாம் வருஷம் 1,84,960. இன்னும் இரண்டு லட்சம் ஆகவில்லை. நம் திருத்தத்தின்படி 36-க்கு வகுக்கவேண்டிய எண் 81. விடை இரண்டேகால் வருஷம், 27 மாதம்.

மூன்றாவது, கட்டாத வட்டி மாதாமாதம் முதலில் சேர்வது. இப்போது விகிதம் மாதத்துக்கு 3, விடையும் மாதத்தில் வரும். சின்ன விகிதம் என்பதால் 70-ஐ வகுத்தால் போதும். 23 மாதத்துக்குக் கொஞ்சம் மேல்.

மூன்றுமே மூணு வட்டிதான். கடன் கொடுத்தவர் வாயால் சொன்ன எண் மாறவே இல்லை. ஆனாலும் முதல் ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் நடுவே பத்து மாத வித்தியாசம். அதனால் கடன் வாங்குகிறவர் வட்டி எவ்வளவு என்று கேட்டால் மட்டும் போதாது. கட்டாத வட்டி எப்போது முதலில் சேரும் என்பதையும் கேட்கவேண்டும்.

இரட்டிப்பில் போட்ட கோடு

இரட்டிப்பு என்ற புள்ளிக்கு நம் நாட்டுச் சட்ட வரலாற்றிலும் தனி இடம் உண்டு. ஒரே தடவையில் வசூலிக்கும் வட்டி, முதலைத் தாண்டி ஒன்றை இரண்டுக்கு மேல் ஆக்கக்கூடாது என்று மனுஸ்மிருதியிலேயே இருக்கிறது. தாம்துபத் என்று பெயர். ஆங்கிலேயர் காலத்தில் பம்பாய் மாகாண நீதிமன்றங்கள் இதைச் சட்டமாகவே ஏற்றுத் தீர்ப்பளித்தன. சென்னை மாகாணத்தில் 1938-ல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்திலும் இதன் சாயல் தெரிகிறது. பழைய கடன்களில், முதலாகவோ வட்டியாகவோ, வாங்கியதைப்போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் அந்தக் கடன் தீர்ந்தது என்று அந்தச் சட்டம் சொன்னது.

இரண்டு மடங்கு கட்டிய பிறகும் ஒருவர் எப்படிக் கடனாளியாகவே இருக்கமுடியும் என்று தோன்றலாம். வட்டியை மட்டும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தால் போதும். வருஷத்துக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பதினாறு வருஷம் எட்டு மாதத்தில் இரண்டு மடங்கு பணம் கையைவிட்டுப் போயிருக்கும். முதல் அப்படியே நிற்கும். கட்டுகிறவரைப் பொறுத்தவரை அது தனிவட்டி.

கொடுத்தவர் பக்கம் அப்படியில்லை. வருகிற வட்டியை அவர் அடுத்த ஆளுக்கு அதே 12-க்குக் கொடுக்கிறார். அவர் கல்லாவில் பணம் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. அதே பதினாறு வருஷம் எட்டு மாதத்தில் அவருடைய ஒரு லட்சம் ஆறரை லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. பாச்சோலியின் புத்தகத்தில் இருக்கும் எண், கல்லாவின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருடையது.